தியானத்தில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுகிறது: தொடர்வதா, நிறுத்துவதா?

வாசகியின் கடிதம்

எனக்கு வயது 34. தூக்கம் சரியில்லாததால் ஓராண்டாகக் காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கும் தியானம் செய்துவந்தேன். நன்றாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போனேன். ஐந்தாம் நாள், தலை முதல் கால்வரை உடல் உணர்ச்சிகளைக் கவனித்துக்கொண்டு வந்தபோது, நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் மூச்சு முட்டியது. ஒன்பது வயதில் நீரில் மூழ்கிப் பிழைத்தவள் நான். அதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். அன்று அந்தத் தண்ணீரின் வாடை, காதடைப்பு எல்லாம் அப்படியே திரும்பி வந்தன, உடல் நடுங்கியது. உதவி ஆசிரியரிடம் சொன்னபோது, "பழைய சம்ஸ்காரம், அதாவது மனத்தில் படிந்த பழைய பதிவு, வெளியேறுகிறது. அசையாமல் உட்காருங்கள். நடுவில் விடுவது அறுவை சிகிச்சையைப் பாதியில் விடுவதைப் போல" என்றார். முகாம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் சொன்னபடி காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். இப்போது கண்ணை மூடினாலே நெஞ்சு இறுகுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பகலில் சில நேரம் சுற்றியுள்ளதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிகிறது. குளிக்கும்போது முகத்தில் நீர் ஊற்றப் பயமாக இருக்கிறது. இது சுத்தமாகும் அறிகுறிதானா? நிறுத்தினால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடுமா? கணவர் தியானத்தையே தலைமுழுகிவிடச் சொல்கிறார். எனக்கு மனநோய் வந்துவிட்டதா?

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

காரணங்களைப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்று மாலை அந்த ஒரு மணி நேர அமர்வு வேண்டாம். நாளைக் காலையும் வேண்டாம். கண்ணை மூடி மூச்சையோ நெஞ்சையோ கவனிக்கும் எந்தப் பயிற்சியையும் அடுத்த சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள். இதனால் நீங்கள் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல என்பதால் அதை நான் செய்யப்போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது தியான ஆசிரியர்களும் மனநல மருத்துவர்களும் நன்கு அறிந்த ஒரு நிலைதான். அது உங்கள் மனவலிமைக் குறைவினால் வந்ததல்ல.

நெஞ்சுக்கு வந்ததும் ஏன் முட்டியது?

நீரில் மூழ்கும் குழந்தையின் மூளை அந்த ஆபத்தைக் கதையாகப் பதிந்துகொள்வதைவிட உடலுணர்ச்சியாகவே ஆழமாகப் பதிந்துகொள்கிறது. மார்பு விம்முவது, மூச்சு நிற்பது, காதில் அழுத்தம் ஏறுவது ஆகிய உணர்ச்சிகளே பிற்காலத்தில் அபாய அறிவிப்பைத் தூண்டும் அடையாளங்கள் ஆகிவிடுகின்றன. அன்றாட வாழ்வில் யாரும் தம் நெஞ்சின் அசைவை நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதால், இத்தனை ஆண்டுகளும் அந்த அறிவிப்பு ஒலிக்க வாய்ப்பே ஏற்படவில்லை. வீட்டில் செய்த இருபது நிமிடப் பயிற்சி உங்களைத் தொந்தரவு செய்யாததற்கும் காரணம் உண்டு. நேரம் குறைவு, முடிந்தவுடன் பேச்சும் வேலையும் காத்திருந்தன, கவனம் பெரும்பாலும் மூக்கு நுனியிலேயே நின்றிருக்கும்.

முகாமின் சூழல் முற்றிலும் வேறு. ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பேச்சில்லை, பிறர் முகம் பார்ப்பதில்லை, தூக்கமும் உணவும் குறைவு. முதல் சில நாட்கள் மூச்சை மட்டும் கவனித்துக் கூர்மைப்படுத்திய கவனத்தை, அதன்பின் உடல் முழுவதும் கொண்டுசெல்லச் சொல்கிறார்கள். அவ்வளவு கூர்மையான கவனம் உங்கள் நெஞ்சில் நின்றபோது அந்த அறிவிப்பு ஒலித்தது. பயத்தில் நெஞ்சு சற்று இறுகும். இறுக்கத்தைக் கண்காணிக்கத் தொடங்கியதும், தானாக நடந்துகொண்டிருந்த மூச்சு நீங்கள் நடத்த வேண்டிய வேலையாக மாறும். அப்படி நடத்தும்போது மூச்சு போதவில்லை என்று தோன்றும். இறுக்கம் இன்னும் கூடும். நாளுக்கு இருமுறை ஒரு மணி நேரம் இதற்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், நாளுக்கு இருமுறை உங்கள் உடல் பயத்தைப் பழகிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

"பயத்தை எதிர்கொண்டால்தானே அது குறையும்?" என்று நீங்கள் கேட்கலாம். அது உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பயம் எழும்போது, நான் இப்போது பத்திரமாக இருக்கிறேன் என்ற அறிவும் கூடவே விழித்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரத்திற்குள்ளேயே பயம் ஓரளவாவது தணிய வேண்டும். அப்போதுதான் மூளை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. உங்கள் விஷயத்தில் பயம் தணிவதாகத் தெரியவில்லை. சுற்றியுள்ளவை கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிவது, தாங்க முடியாத அளவு பயம் வரும்போது மனம் உணர்வைத் துண்டித்துக்கொள்வதன் அறிகுறி. தியானத்தில் பழகியவர்களில்கூடச் சிலர் இதைப் பற்றற்ற நிலை என்று தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. பற்றற்ற நிலையில் உலகம் தெளிவாகவும் அருகிலும் தெரியும். துண்டித்த நிலையில் மங்கலாகவும் தொலைவிலும் தெரியும். இந்தத் துண்டித்த நிலையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் மனம் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை.

"சுத்தமாகிறது" என்ற எண்ணம்

தியானத்தில் காரணமின்றி அழுகை வருவதும், பழைய வருத்தம் தலைதூக்குவதும், கைகால் பரபரப்பதும் வழக்கமானவையே. அவை எழுந்து, சற்று நேரத்தில் தணிந்து, அமர்வு முடிந்த ஒரு மணி நேரத்திற்குள் நீங்கள் உங்கள் இயல்புக்குத் திரும்பிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதனால் அமர்வில் என்ன வந்தது என்பதைவிட, எழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் கேட்பேன். உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, குளிப்பதே பயமாகிவிட்டது, பகலிலும் அந்த விலகல் தொடர்கிறது. மூன்று வாரங்களில் இவை குறைந்துகொண்டு வருவதாகவும் நீங்கள் எழுதவில்லை. இதைச் சுத்தமாவதன் அறிகுறி என்று என்னால் சொல்ல முடியாது.

உதவி ஆசிரியர் சொன்ன அறுவை சிகிச்சை உவமையையே எடுத்துக்கொள்வோம். நோயாளியின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சிகிச்சை முழுவதும் கண்காணிக்கப்படுகின்றன. அவை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் எந்த மருத்துவரும் ஆரம்பித்த வேலையை முடித்தே தீருவேன் என்று நிற்பதில்லை. உங்களுக்கு அந்தக் கண்காணிப்பு நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. பெரும்பாலோருக்குப் பொருந்தும் ஓர் அறிவுரையை, பொருந்தாத ஒருவருக்குச் சொல்லிவிட்டார்.

அசையாமல் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது மரபின் ஒருமித்த கருத்தும் அல்ல. பாலி மொழிச் சூத்திரங்களில் வேசாலி நகரில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. உடலின் அருவருப்பைத் தியானிக்கும் முறையைப் பயின்ற துறவிகள் பலர் தம் உடலையே வெறுக்கும் நிலைக்குப் போய்விட, பெருந்துயரம் விளைகிறது. அரை மாதத் தனிமை முடிந்து திரும்பிய புத்தரிடம் ஆனந்தர், வேறொரு முறையைக் கற்றுத்தரும்படி வேண்டுகிறார். புத்தர் பழைய முறையையே இன்னும் உறுதியாகத் தொடரும்படி சொல்லவில்லை, முறையையே மாற்றினார். அவர் மாற்றாகத் தந்தது மூச்சைக் கவனிக்கும் தியானம். அந்தத் துறவிகளுக்கு இதம் தந்த அதே மூச்சுதான் உங்களுக்குப் பயத்தைத் தூண்டுகிறது என்பதைப் பார்க்கும்போது, எல்லோருக்கும் பாதுகாப்பான ஒரே முறை என்று எதுவும் இல்லை என்பது விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானிய ஜென் குரு ஹகுயின், கடுமையான பயிற்சியால் தமக்கு வந்த நோயை ஜென் நோய் என்றே வெளிப்படையாக எழுதினார். அதிலிருந்து மீள, கவனத்தைத் தலையிலிருந்து கீழே, வயிற்றுக்கும் பாதங்களுக்கும் இறக்கும் வழியைக் கற்பித்தார். மனம் கொந்தளிக்கும்போது கவனத்தை உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் கொண்டுபோகச் சொல்வதும், உட்காருவதைக் குறைத்து நடைத் தியானத்தைக் கூட்டுவதும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்றும் செய்பவையே.

நிறுத்தினால் உள்ளேயே தங்கிவிடுமா என்ற உங்கள் பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். நினைவு என்பது வெளியேற்றப்படாவிட்டால் அழுகிப்போகும் ஒரு பொருள் அல்ல. அது இருபத்தைந்து ஆண்டுகள் உங்களோடு இருந்தது. நீங்கள் படித்தீர்கள், வாழ்ந்தீர்கள். அமர்வை நிறுத்துவதால் பயம் நிலைத்துவிடாது. குளிப்பதையும் நீரையும் படிப்படியாக முற்றிலும் தவிர்க்கத் தொடங்கினால்தான் நிலைக்கும். ஆகவே குளிப்பதை விடாதீர்கள். இப்போதைக்குத் தோளுக்குக் கீழே நீர் ஊற்றிக்கொண்டு, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல மெல்லப் பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம்.

அடுத்த சில வாரங்களுக்கு ஒரு நடைமுறை

முதல் வாரம் எந்த அமர்வும் வேண்டாம். வேளைக்குச் சாப்பாடு, பகல் வெளிச்சத்தில் நடை, மனிதர்களோடு பேச்சு ஆகியவையே போதும். விடியற்காலை விழிப்பு வந்தால் அதைத் தியானத்துக்குக் கிடைத்த நேரமாகக் கருதாதீர்கள். விளக்கைப் போட்டு, எழுந்து, கைக்கு வேலை தரும் எளிய காரியம் எதையாவது செய்துவிட்டுத் தூக்கம் வரும்போது படுங்கள்.

இரண்டாம் வாரம், மனம் ஓரளவு அடங்கியிருந்தால் மட்டும், பகல் நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நாற்காலியில், முதுகுக்குப் பின் சுவர் இருக்கும்படி, அறையின் கதவு கண்ணுக்குத் தெரியும்படி அமருங்கள். கண் திறந்தே இருக்கட்டும். முதல் ஒரு நிமிடம் தலையை மெதுவாக இரு பக்கமும் திருப்பி அறையைப் பாருங்கள். ஜன்னல், மேசை, துணி என்று கண்ணில் படுவதற்கு மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள். அடுத்த மூன்று நிமிடம் உள்ளங்கால் தரையைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். குதிகாலில் அழுத்தம் கூடுதலா, விரல்களில் கூடுதலா, தரை குளிர்ச்சியாக இருக்கிறதா என்ற அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கலாம். கவனம் தானாக நெஞ்சுக்கு ஓடினால் அதனோடு மல்லுக்கட்டாமல், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒன்றோடொன்று உரசி, அந்த உரசலுக்குக் கவனத்தை அழைத்து வாருங்கள். கடைசி நிமிடம் வெளியிலிருந்து வரும் ஒலிகளைக் கேளுங்கள். மூச்சு தன் பாட்டுக்கு நடக்கட்டும். அதைப் பார்க்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம்.

பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, உட்காருமுன், எழுந்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து என மூன்று முறை குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் 6ஐத் தாண்டினால் அலாரம் அடிக்கும்வரை காத்திராமல் எழுந்துவிடுங்கள். இந்த மூன்றில் மூன்றாவது எண்தான் முக்கியம். உதாரணமாக 3, 5, 2 என்று வந்தால் பதற்றம் எழுந்து தணிந்திருக்கிறது. பயிற்சி உங்கள் தாங்கும் எல்லைக்குள் இருக்கிறது. 3, 4, 6 என்று வந்தால், உட்கார்ந்திருந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்காததுபோல் தோன்றினாலும் எல்லை தாண்டிவிட்டீர்கள். தொடர்ந்து சில நாட்கள் இப்படியே வந்தால் உட்காருவதை விட்டு, பத்தடி தூரம் முன்னும் பின்னுமாகப் பாதத்தைக் கவனித்து நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரத்தைக் கூட்டலாமா என்பதையும் அந்த மூன்றாவது எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள், ஆர்வத்தை வைத்து அல்ல.

பதற்றம் திடீரென்று பொங்கி வந்தால், பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு அறிவுரைகள் உங்களுக்குப் பொருந்தா. முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள்; உங்கள் பயமே முகத்தில் படும் நீர்தான். நன்றாக ஆழமாக மூச்சிழுங்கள் என்பார்கள். பதற்றத்தில் வேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல் நுனியும் உதடும் மரத்து, மூச்சுத் திணறும் உணர்வு கூடவே செய்யும். இவற்றுக்குப் பதிலாகக் கண்ணைத் திறந்து, இரு பாதங்களையும் தரையில் அழுத்தி, குளிர்ச்சியான ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்றைய தேதியையும் "எனக்கு இப்போது 34 வயது" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஒன்பது வயதின் பயத்தில் சிக்கிய உடலுக்கு இன்று எந்தக் காலம் என்பதை நினைவூட்டும் நேரடியான வழி அதுவே.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

மனநோய் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்ச்சியான நினைவு கிளறப்பட்ட முதல் சில வாரங்களில் இத்தகைய அறிகுறிகள் வருவது பலருக்கும் நேர்வதே. தூண்டுதலை நிறுத்தியதும் கணிசமானோருக்குத் தணிந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் நினைவு, தவிர்ப்பு, எப்போதும் விழிப்பாக இருக்கும் உடல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலாகியும் நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறா என்று நாங்கள் பார்ப்போம். நீங்கள் அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனவே காத்திராமல் இப்போதே ஒருமுறை மனநல மருத்துவரையோ, அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரையோ பார்த்துவிடுங்கள். அதற்கு முன்போ கூடவோ ஒரு பொது மருத்துவரிடம் இதயத்தையும் தைராய்டையும் சோதித்துக்கொள்வது நல்லது. நெஞ்சு இறுக்கத்தையும் அதிகாலை விழிப்பையும் எடுத்த எடுப்பில் மனம்தான் காரணம் என்று தள்ளிவிடக் கூடாது.

இதற்கெனவே வகுக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று. கண் அசைவோடு நினைவை அணுகும் இ.எம்.டி.ஆர். மற்றொன்று. ஒற்றை நிகழ்ச்சியால் வந்த பாதிப்புக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகளில் முடியும்படியே இவை திட்டமிடப்படுகின்றன. முகாமில் நீங்கள் அனுபவித்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. இங்கே தொடக்க அமர்வுகளில் நினைவைத் தொடுவதே இல்லை. உடலைத் தணிக்கும் வழிகளை முதலில் கற்றுத்தருவார்கள். பிறகு உங்கள் எதிரில் ஒருவர் விழித்திருந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எவ்வளவு தூரம் போவது, எங்கே நிறுத்துவது என்பதை இருவரும் சேர்ந்து தீர்மானித்துத்தான் நினைவுக்குள் போவீர்கள்.

தொடர்ந்து சில இரவுகள் தூக்கமே இல்லாமலும் சோர்வு தெரியாமலும் போனால், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த அறிகுறிகளைக் கணவருக்கும் சொல்லிவையுங்கள்.

கணவர் சொல்வதும், மீண்டும் தியானமும்

உங்கள் கணவர் இப்போதைக்குச் சொல்வது சரி. என்றென்றைக்கும் என்றால் சரியல்ல. 2020ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, தியானம் செய்வோரில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேருக்குப் பாதகமான விளைவுகள் நேர்வதாகவும், பதற்றமும் மனச்சோர்வும் அவற்றில் அதிகம் காணப்படுவதாகவும் கணக்கிட்டது. ஆகவே இந்த ஆபத்து கற்பனையல்ல. இன்னொரு பக்கம், மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் நடந்து 2014ல் வெளியான ஒரு சோதனையில், மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனமுழுமைப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை, குழந்தைப் பருவத்தில் அதிகத் துன்பம் அனுபவித்தவர்களுக்கே கூடுதலாக உதவியது. அது வாரம் ஒருமுறை வகுப்பு, தேர்ந்த சிகிச்சையாளர், தனிப்பட்ட முன்நேர்காணல் ஆகியவற்றோடு நடந்தது. பத்து நாள் மௌனத்தில் அல்ல. கடந்தகாலக் காயம் உள்ளவர்கள் தியானத்தையே தொடக்கூடாது என்பதில்லை. எந்த அளவில், யாருடைய துணையோடு என்பதே அவர்கள் கவனிக்க வேண்டியது.

சிகிச்சை முடிந்து, முகத்தில் நீர் ஊற்றுவது இயல்பாகி, தூக்கமும் சில மாதங்கள் நிலைத்த பிறகு, மூச்சுக்குத் திரும்ப விரும்பினால் நெஞ்சில் தொடங்காமல், மூக்கு நுனியில் சில மூச்சுகள், உடனே உள்ளங்கால் என்று மாறிமாறிப் பழகுங்கள். நெடிய முகாமுக்குப் போவதை இன்னும் ஓராண்டாவது தள்ளிப்போடுங்கள். போகும்போது ஆசிரியரிடம் முன்கூட்டியே மூன்று கேள்விகள் கேளுங்கள்: பதற்றம் கூடினால் முறையை மாற்ற அனுமதிப்பீர்களா, நான் எழுந்து நடக்கலாமா, இரவில் தேவைப்பட்டால் யாரிடம் பேசலாம்? "எல்லாம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் அந்த இடம் உங்களுக்கானது அல்ல. விண்ணப்பப் படிவத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்கும் கட்டத்தில், சேர்க்க மறுத்துவிடுவார்களோ என்று எதையும் மறைக்காமல் சிறுவயதில் நீரில் மூழ்கியதையும் இந்த முறை நடந்ததையும் எழுதுங்கள். மருந்து எதுவும் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் எழுதுங்கள். முகாமுக்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.